மைனஸ் இருபது ஆம்பியர்

போன மார்கழியில் ஒரு காலை. எதிர்வீட்டுக்காரர் கார் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுழலும் சத்தம் வரவில்லை. டக் டக் டக் என்று பானெட்டுக்குள்ளிருந்து யாரோ சுண்டுவதுபோல ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஒரு வாரம் ஊரில் இல்லாதபோது உள்விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. தெருமுனை மெக்கானிக் தன் வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். சிவப்பு, கறுப்பு ஜம்பர் கேபிள்களை மாட்டினார். பிறகு பழக்கதோஷமாக, படுத்துப்போன பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைச் சுற்றி ஒரு கிளாம்ப் மீட்டரைக் கவ்வவிட்டார். ஒயரை வெட்டாமல், தொடாமல், அதில் ஓடும் மின்னோட்டத்தைக் காட்டும் கருவி அது.

மீட்டரில் மைனஸ் 20க்குப் பக்கத்தில் ஓர் எண் நின்றது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கரகரவென்று சுழன்றது. எண் துடித்தபடி பிளஸ் பக்கம் ஏறியது. வண்டி கிளம்பிவிட்டது.

"பாத்தீங்களா சார், மொதல்ல குடிச்சுது, அப்புறம் குடுத்துச்சு" என்றார் மெக்கானிக்.

நான் இயற்பியல் வாத்தியார் என்பது தெருவுக்கே தெரியும். அதனால்தான் அந்த வீட்டுப் பெண், பிளஸ் டூ படிப்பவள், மீட்டரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "மாமா, நேத்து டெஸ்ட்ல கிர்க்காஃப் கணக்கு போட்டேன். ஒரு மின்னோட்டம் மைனஸ்ல வந்துது. தப்புன்னு நெனச்சு மொத்தத்தையும் அடிச்சுட்டேன்."

அவள் அடித்துவிட்ட கணக்கும், மெக்கானிக் ஒரே வரியில் சொன்னதும் ஒன்றுதான். அதைத்தான் இங்கே விரிக்கப்போகிறேன்.

முதலில் கம்பிகள் எங்கே சேர்கின்றன என்று பார்க்க வேண்டும். படுத்த பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் மூன்று வழிகள் கூடுகின்றன. ஒன்று, அந்தப் பேட்டரியின் உள்ளேயே போகிற வழி. இரண்டாவது, சிவப்பு ஜம்பர் கேபிள் வழியாக நல்ல பேட்டரிக்குப் போவது. மூன்றாவது, எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயர். பாடப்புத்தகம் இந்த மாதிரி இடத்தைச் சந்தி என்கிறது. மூன்று வழிகளும் மறுபடி சேருகிற இடம் எஞ்சினும் பாடியுமான இரும்பு. அது இரண்டாவது சந்தி. ஆக, இரண்டு சந்திகள், அவற்றுக்கு இடையே மூன்று கிளைகள். பார்க்கச் சாதுவான படம்தான். ஆனால் பத்தாம் வகுப்பில் படித்த தொடரிணைப்பு, பக்க இணைப்பு வாய்பாடுகள் இங்கே அப்படியே செல்லாது. இரண்டு கிளைகளில் தனித்தனிப் பேட்டரிகள் உட்கார்ந்திருப்பதால், இதை ஒரே பேட்டரி, ஒரே மின்தடை என்று சுருக்க அந்த வாய்பாடுகளுக்குத் தெரியாது.

இப்படிச் சிக்கிய சுற்றுகளுக்குப் பொதுவான வழியை 1845இல் எழுதிவைத்தவர் குஸ்தாவ் கிர்க்காஃப். அப்போது அவருக்கு வயது 21. கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழக மாணவர். வட்டமான உலோகத் தகட்டில் மின்சாரம் எப்படிப் பரவுகிறது என்பதுதான் அந்தக் கட்டுரையின் விஷயம். நாம் இன்று மனப்பாடம் செய்கிற இரண்டு விதிகளும் அதன் பின்னிணைப்புபோல வந்தவை. தகட்டை இன்று யாரும் நினைப்பதில்லை.

முதல் விதி: ஒரு சந்திக்குள் வருகிற மின்னோட்டம் முழுவதும் வெளியே போயாக வேண்டும். மின்னூட்டம் உருவாவதும் இல்லை, அழிவதும் இல்லை என்பதிலிருந்து இது வருகிறது. ஆனால் அது மட்டும் போதாது. வாய்க்கால் பிரியும் இடத்தில் தண்ணீர் சற்றே தேங்கி நிற்கலாமே, சந்தியில் மின்னூட்டம் ஏன் தேங்கக் கூடாது? தேங்கப் பார்க்கும். ஆனால் எலெக்ட்ரான்கள் கொஞ்சம் கூடுதலாகக் குவிந்தாலே அவை பின்னால் வருகிறவற்றை விரட்டும். முன்னால் போகிறவற்றைத் தள்ளிவிடும். கண்ணிமைக்கும் நேரத்தில் பல கோடியில் ஒரு பங்குக்குள் கணக்கு நேராகிவிடும். சந்தியை மேய்க்க ஆள் வேண்டியதில்லை. கூட்டமே கூட்டத்தைக் கலைத்துவிடுகிறது.

இரண்டாவது விதியைச் சொல்லப் பழனி மலை எனக்கு வசதி. படிப்பாதையில் ஏறி யானைப்பாதையில் இறங்கலாம். விஞ்சில் ஏறிப் படியில் இறங்கலாம். எந்த வழியில் போனாலும், அடிவாரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றால் ஏறிய உயரமும் இறங்கிய உயரமும் சமம். மின்சுற்றில் உயரத்தின் இடத்தில் இருப்பது மின்னழுத்தம். பேட்டரியை நெகட்டிவ் முனையிலிருந்து பாசிட்டிவ் முனைக்குக் கடந்தால் ஏற்றம். மின்தடையை மின்னோட்டம் போகும் திசையிலேயே கடந்தால் இறக்கம். இறக்கத்தின் அளவு மின்னோட்டம் பெருக்கல் மின்தடை. எந்த மூடிய சுற்றையும் ஒருமுறை சுற்றிப் புறப்பட்ட புள்ளிக்கே வந்தால் ஏற்ற இறக்கங்களின் கூட்டல் சுழி. ஒரு கூலோம் மின்னூட்டம் ஒரு சுற்று போய்வந்தால் அதன் கையில் ஆற்றல் மிச்சமும் இல்லை, கடனும் இல்லை என்பதுதான் இதன் பொருள்.

இனிக் காருக்கு வருவோம். அன்று நான் மின்தடை எதையும் அளக்கவில்லை. அந்த மாதிரி வண்டிக்குப் பொருந்துகிற, கணக்குக்கும் வளைந்துகொடுக்கிற எண்களை வைத்துக்கொள்கிறேன். நல்ல பேட்டரியின் மின்னியக்கு விசை 12.6 வோல்ட். கார் பேட்டரிக்குள் ஆறு செல்கள் உண்டு. நன்றாக சார்ஜ் ஆன ஒரு செல்லுக்கு சுமார் 2.1 வோல்ட். அதன் அகமின்தடையும் இரண்டு ஜம்பர் கேபிள்களின் மின்தடையும் சேர்ந்து 0.03 ஓம். படுத்த பேட்டரிக்கு 10.8 வோல்ட், அகமின்தடை 0.06 ஓம். ஸ்டார்ட்டர் மோட்டாரை இப்போதைக்கு 0.08 ஓம் மின்தடையாக எடுத்துக்கொள்வோம். உதவிக்கு வந்த வண்டியின் எஞ்சின் ஓடவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். ஓடினால் அதன் ஆல்டர்னேட்டரும் கணக்குக்குள் வந்துவிடும்.

கணக்கைத் தொடுமுன் அம்புக்குறிகள் போட வேண்டும். நல்ல பேட்டரியிலிருந்து சந்திக்கு வருவது I₁. படுத்த பேட்டரியிலிருந்து சந்திக்கு வருவது I₂. சந்தியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போவது I₃. இரண்டாவது அம்பை எந்தப் பக்கம் போடுவது? படுத்த பேட்டரி கொடுக்கிறதா, குடிக்கிறதா என்று நமக்கு இன்னும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஏதோ ஒரு பக்கம் போட்டுவிட்டு, கடைசிவரை மாற்றாமல் இருந்தால் போதும். பிள்ளைகள் இந்த இடத்தில்தான் நெடுநேரம் பேனாவைக் கடிக்கிறார்கள். சரியான திசையைக் கண்டுபிடித்த பிறகுதான் கணக்கைத் தொடங்க வேண்டும் என்று யாரோ சொல்லிவைத்ததுபோல.

சந்தியில்:

I₁ + I₂ = I₃

நல்ல பேட்டரியிலிருந்து புறப்பட்டு ஸ்டார்ட்டர் வழியாகத் திரும்பினால் ஒரே ஏற்றம், இரண்டு இறக்கம்:

12.6 − 0.03 I₁ − 0.08 I₃ = 0

படுத்த பேட்டரியிலிருந்து புறப்பட்டு அதே ஸ்டார்ட்டர் வழியாகத் திரும்பினால்:

10.8 − 0.06 I₂ − 0.08 I₃ = 0

தெரியாதவை மூன்று, சமன்பாடுகள் மூன்று. இங்கே நின்றுவிட வேண்டும். ஆர்வக்கோளாறில் கீழ்ச்சந்திக்கும் ஒரு சமன்பாடு எழுதினால் மேல்சந்தி சொன்னதையே அதுவும் சொல்லும். இரண்டு பேட்டரிகளையும் மட்டும் சுற்றிவருகிற மூன்றாவது வளையத்துக்கு எழுதினால், அது மேலே உள்ள இரண்டு வளையச் சமன்பாடுகளின் வித்தியாசமாகத்தான் இருக்கும். மூன்று வளையங்களையும் எழுதிவிட்டுச் சந்தியை மறந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று சமன்பாடுகள் கையில் இருக்கின்றன என்ற தைரியத்தில் பக்கம் பக்கமாகப் போட்டு, கடைசியில் 0 = 0 என்று முடிப்பார்கள். கணக்கு அப்படி முடிந்தால் பெருக்கலில் தேடிப் பயனில்லை. சொன்னதையே திரும்பச் சொல்லியிருக்கிறீர்கள். கிளைகளின் எண்ணிக்கை மூன்று. சந்திகள் இரண்டு, அதில் ஒன்று குறைத்து ஒரு சந்திச் சமன்பாடு. மீதி இரண்டும் வளையங்களிலிருந்து வர வேண்டும். எவ்வளவு பெரிய வலையானாலும் இந்தக் கணக்கு மாறாது. கிர்க்காஃபே 1847இல் இதைப் பொதுவாக நிறுவினார்.

I₃ இருக்கும் இடத்தில் I₁ + I₂ என்று போட்டு, தசமப் புள்ளி போக நூறால் பெருக்கினால்:

11 I₁ + 8 I₂ = 1260

8 I₁ + 14 I₂ = 1080

முதலாவதை 14ஆலும் இரண்டாவதை 8ஆலும் பெருக்கிக் கழித்தால் 90 I₁ = 9000. ஆக I₁ = 100 ஆம்பியர். அதிலிருந்து I₂ = 20 ஆம்பியர், I₃ = 120 ஆம்பியர். ஸ்டார்ட்டருக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் 0.08 × 120, அதாவது 9.6 வோல்ட். எஞ்சின் சுழல அது போதும். படுத்த பேட்டரி தன் பங்குக்கு 20 ஆம்பியர் கொடுக்கிறது. மெக்கானிக் சொன்ன 'அப்புறம் குடுத்துச்சு' இதுதான்.

அதற்கு முந்தைய பாதி, சாவியைத் திருப்பாத நேரம். அப்போது ஸ்டார்ட்டர் கிளை திறந்திருக்கிறது; I₃ = 0. சந்தி விதிப்படி I₂ = −I₁. இரண்டு பேட்டரிகளையும் சுற்றிவரும் வளையத்தில் ஏற்றம் 12.6, எதிர்ப்பக்கம் 10.8, மிஞ்சுகிற 1.8 வோல்ட்டை 0.09 ஓம் தின்றாக வேண்டும். I₁ = 20 ஆம்பியர், I₂ = −20 ஆம்பியர். அம்பை நாம் பேட்டரியிலிருந்து வெளியே போட்டோம். மைனஸ் வந்ததால் மின்னோட்டம் உள்ளே போகிறது என்று பொருள், அதாவது பேட்டரி சார்ஜ் ஆகிறது. மீட்டர் காட்டிய மைனஸ் இதுவே. மீட்டரின் மேலும் ஓர் அம்புக்குறி அச்சிட்டிருக்கும். அதை எந்தப் பக்கம் பார்த்து மாட்டினோமோ அதற்கேற்பத்தான் அதுவும் பிளஸ், மைனஸ் சொல்லும். மீட்டர் எப்போதாவது 'திசை தப்பு' என்று கோபித்துக்கொண்டதுண்டா?

கேபிள் மாட்டியதும் சாவியைத் திருப்பாமல் ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்வதும் இதனால்தான். ஆரம்பத்தில் 20 ஆம்பியர் வீதம் ஐந்து நிமிடம் உள்ளே போனால் 1.7 ஆம்பியர்-மணி அளவுக்குச் சேரும். எஞ்சினைச் சுழற்ற 120 ஆம்பியர் மூன்று விநாடி என்றால் மொத்தமே 0.1 ஆம்பியர்-மணிதான் செலவு. காரை ஒருமுறை கிளப்ப வேண்டியது இவ்வளவு சொற்பம் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்தச் சொற்பத்தை மூன்று விநாடிக்குள் கொடுக்க வேண்டும் என்பதில்தான் படுத்த பேட்டரி தோற்கிறது.

அது தனியாக இருந்தபோது என்ன நடந்தது என்றும் பார்த்துவிடலாம். 10.8ஐ 0.14ஆல் வகுத்தால் 77 ஆம்பியர். ஸ்டார்ட்டருக்குக் கிடைப்பது 6.2 வோல்ட். ஸ்டார்ட்டரின் தலையில் சாலினாய்டு என்று ஒரு மின்காந்தச் சுவிட்ச் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது இழுத்துக்கொண்டு பெரிய மின்னோட்டத்துக்கு வழிவிடும். வழிவிட்டதும் மின்னழுத்தம் ஆறு வோல்ட்டுக்குச் சரிகிறது. அந்த வலுவில் சாலினாய்டால் பிடித்துக்கொண்டிருக்க முடியாமல் விட்டுவிடுகிறது. விட்டதும் மின்னோட்டம் நின்று, பேட்டரி பத்து வோல்ட்டுக்கு மேல் நிமிர்கிறது. நிமிர்ந்ததும் சாலினாய்டு மறுபடி இழுக்கிறது. டக் டக் டக்.

இப்போது அந்தப் பெண்ணின் கணக்கு. பேட்டரி இன்னும் மோசம் என்று வைத்துக்கொள்வோம்: மின்னியக்கு விசை 10.8க்குப் பதிலாக 9 வோல்ட். மற்ற எல்லாம் அதேதான். இரண்டாவது வரியில் 1080 இருந்த இடத்தில் 900 வரும். அதே பெருக்கல், அதே கழித்தல்: 90 I₁ = 10440, I₁ = 116. முதல் வரியில் போட்டால் 8 I₂ = 1260 − 1276. I₂ = −2.

இங்கேதான் அவள் பேனாவை எடுத்துக் குறுக்கே கோடு போட்டாள். உண்மையில் கணக்கு அவளிடம் ஒரு செய்தி சொல்கிறது. சாவியைத் திருப்பிய பிறகும், ஸ்டார்ட்டர் அவ்வளவு மின்சாரம் கேட்கும்போதும், படுத்த பேட்டரி உதவவில்லை. நல்ல பேட்டரி அனுப்பும் 116 ஆம்பியரில் 2 ஆம்பியரைத் தான் எடுத்துக்கொள்கிறது. ஸ்டார்ட்டருக்கு மீதி 114.

அந்த மைனஸை அப்படியே வைத்துக்கொண்டுதான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். I₃ = 116 + (−2) = 114. பலர் இந்த இடத்தில் படத்தில் அம்பைத் திருப்பிவிடுவார்கள், சமன்பாட்டைத் திருப்ப மாட்டார்கள். 'மின்னோட்டம் 2, திசை எதிர்' என்று எழுதிவிட்டு, பழைய சமன்பாட்டில் 2ஐக் கூட்டி 118 என்பார்கள். தப்பைக் கண்டுபிடிக்க வழி உண்டு. 118ஐ முதல் வளையத்தில் போட்டுப் பாருங்கள்: 12.6 − 3.48 − 9.44 = −0.32. மலையைச் சுற்றிவந்து அடிவாரத்துக்குக் கீழே நிற்கிறோம். 114 என்றால் 12.6 − 3.48 − 9.12, சரியாகச் சுழி.

இதைவிட எனக்குப் பிடித்த சோதனை ஆற்றலை எண்ணிப் பார்ப்பது. வளையச் சமன்பாட்டையே தப்பாக எழுதியிருந்தால் விடையை அதில் போட்டுப் பார்ப்பது உதவாது. தப்பு தப்போடு ஒத்துப்போகும். ஆற்றல் வேறு பக்கத்திலிருந்து வந்து கேள்வி கேட்கும். நல்ல பேட்டரி கொடுப்பது 12.6 × 116, அதாவது 1461.6 வாட். அதன் அகமின்தடையிலும் கேபிள்களிலும் சூடாகப் போவது 403.68 வாட். ஸ்டார்ட்டர் எடுப்பது 1039.68. படுத்த பேட்டரி சார்ஜாக வாங்கிக்கொள்வது 18, அதன் உள்ளே சூடு 0.24. கூட்டினால் 1461.6. வாட் கணக்கில் ஒரு பைசா குறையவில்லை. இந்த வரிசையில் ஒன்று கண்ணில் படும்: 400 வாட்டுக்கு மேல் கேபிளிலும் நல்ல பேட்டரிக்குள்ளும் வீணாகிறது. சாலையோரக் கடையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய ஜம்பர் கேபிள் ஏன் தொட்டால் சுடுகிறது என்பதற்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

படுத்த பேட்டரி எந்த எல்லைவரை உதவும், எங்கே சுமையாக மாறும்? அதைக் கேபிளோடு சேர்ந்த சுற்றிலிருந்து கழற்றிவிட்டதாக நினைத்துப் பாருங்கள். நல்ல பேட்டரியும் ஸ்டார்ட்டரும் மட்டும். 12.6ஐ 0.11ஆல் வகுத்தால் 114.5 ஆம்பியர், சந்தியின் மின்னழுத்தம் 9.16 வோல்ட். இப்போது படுத்த பேட்டரியை அந்தச் சந்தியில் கொண்டுவந்து வைத்தால், அதன் மின்னியக்கு விசை 9.16க்கு மேலே இருந்தால் மின்னோட்டத்தை வெளியே தள்ளும். கீழே இருந்தால் உள்ளே வாங்கும். சரியாக 9.16 என்றால் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கும். 10.8 உதவியதும் 9 உறிஞ்சியதும் இதற்குள் அடங்கிவிட்டது. அதன் அகமின்தடை 0.06ஆ 0.6ஆ என்பது எவ்வளவு என்பதை மாற்றும்; எந்தத் திசை என்பதை மாற்றாது. மூன்று சமன்பாடுகளைத் தீர்க்குமுன்பே குறி பிளஸா மைனஸா என்று இப்படிச் சொல்லிவிடலாம். பரீட்சை மண்டபத்தில் இதற்கு மதிப்பெண் கிடையாது, நிம்மதி கிடைக்கும்.

குறிகளில் நடக்கும் இன்னொரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். பேட்டரியைக் கடக்கும்போது ஏற்றமா இறக்கமா என்பதை, நாம் எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு நடக்கிறோம் என்பது மட்டுமே முடிவு செய்யும். அதற்குள் மின்னோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு அங்கே வேலையே இல்லை. மின்தடையில் மட்டும்தான் நம் நடையையும் மின்னோட்டத்தின் அம்பையும் ஒப்பிட வேண்டும். சார்ஜ் ஆகிற பேட்டரியைப் பார்த்ததும் 'மின்னோட்டம் எதிராகப் போகிறதே' என்று 10.8இன் குறியை மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. தாளில் அப்படி மாற்றினால் மதிப்பெண் போகும். காரில் அப்படி மாட்டினால் என்ன ஆகும் என்று அதே வளையத்தில் போட்டுப் பார்க்கலாம். சிவப்புக் கிளிப்பை நெகட்டிவிலும் கறுப்பைப் பாசிட்டிவிலும் மாட்டிவிட்டால் இரண்டு பேட்டரிகளும் ஒரே பக்கம் ஏற்றம் ஏற்றும். 12.6 + 10.8 = 23.4 வோல்ட். தடுப்பதற்கு இருப்பது 0.09 ஓம். 260 ஆம்பியர், சாவியைத் திருப்பாமலே. ஆறாயிரம் வாட்டுக்கு மேல் கேபிள்களிலும் இரண்டு பேட்டரிகளுக்குள்ளும் கொட்டுகிறது. பொறி பறக்கும், காப்புறை உருகும், வண்டியின் எலெக்ட்ரானிக்ஸ் போகலாம்.

சரியாக மாட்டினாலும் கடைசிக் கிளிப்பைத் தொடும் நொடியில் 20 ஆம்பியர் பாயத் தொடங்குகிறது. ஒரு சின்னப் பொறி வரும். பேட்டரிக்குப் பக்கத்தில் ஹைட்ரஜன் வாயு தங்கியிருக்கக்கூடும். அதனால்தான் மெக்கானிக் கடைசிக் கறுப்புக் கிளிப்பைப் படுத்த பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மாட்டாமல், தள்ளி எஞ்சின் இரும்பில் மாட்டினார். மின்சாரத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே சந்திதான், கணக்கு மாறாது. பொறி விழும் இடம் மட்டும் மாறுகிறது. எனக்கு இன்னொரு லாபமும் கிடைத்தது: பேட்டரியின் நெகட்டிவ் ஒயரில் I₂ மட்டும் தனியாக ஓடியதால், மீட்டர் அதை மட்டும் பிரித்துக் காட்டியது.

ஸ்டார்ட்டரை 0.08 ஓம் என்று சும்மா வைத்துக்கொண்டதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அது மின்தடையல்ல, மோட்டார். சுழலத் தொடங்கியதும் தனக்குள்ளேயே எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்கிக்கொள்ளும். வேகம் கூடக் கூட மின்னோட்டம் குறையும். நின்றிருக்கும் முதல் கணத்தில் அது இழுக்கும் மின்னோட்டம் 120ஐவிட வெகு அதிகம். எனவே நம் விடை, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போது எடுத்த ஒரு புகைப்படம். மீட்டரின் எண் துடித்துக்கொண்டிருந்ததும் இதனால்தான். எஞ்சினின் ஒவ்வோர் அமுக்கத்துக்கும் வேகம் மாறியது. விதிகள் அங்கே பொய்த்துவிடவில்லை. வளையத்தைச் சுற்றும்போது அந்த எதிர் விசையையும் ஓர் இறக்கமாகச் சேர்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். சுற்றின் ஊடாகக் காந்தப்புலம் மாறிக்கொண்டிருக்கும் இடங்களில் எல்லாம் இந்தக் கவனம் வேண்டும். அதே பானெட்டுக்குள் இருக்கும் இக்னிஷன் காயிலில் 12 வோல்ட்டிலிருந்து ஆயிரக்கணக்கான வோல்ட் பிறக்கிறது. தூண்டப்பட்ட மின்னியக்கு விசையைச் சேர்க்காமல் அங்கே ஏற்ற இறக்கம் கூட்டினால் சுழி வரவே வராது.

இதையெல்லாம் பானெட்டின் மேல் ஒரு பழைய காலண்டர் தாளை வைத்து எழுதிக் காட்டினேன். அவள் கடைசிவரை பார்த்துவிட்டு, "அப்போ எங்க டெஸ்ட்ல வந்த மைனஸ் சரியா மாமா?" என்றாள். கேள்வித்தாளை எடுத்துவரச் சொன்னேன். அதில் 6 வோல்ட் பேட்டரி ஒன்று, 2 வோல்ட் ஒன்று. 6 வோல்ட் பேட்டரியைத் தனியாக வைத்துச் சந்தியின் மின்னழுத்தத்தைக் கணக்கிட்டால் 4 வந்தது. 2 வோல்ட் பேட்டரி குடித்தாக வேண்டும். மைனஸ் சரி. ஆனால் அடுத்த வரியில் அவள் அதைக் கூட்டியிருந்தாள்.

காரும் முழுதாகப் பிழைக்கவில்லை. அன்று முழுக்க ஓட்டி சார்ஜ் ஏற்றியும் மறுநாள் காலை அதே டக் டக். எஞ்சினை அணைத்துவிட்டு வெகுநேரம் கழித்து மெக்கானிக் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்தார்: 10.5. பன்னிரண்டு புள்ளி ஆறிலிருந்து 2.1ஐக் கழித்தால் வருகிற எண். "ஒரு செல் போயிடுச்சு சார், இதுக்கு மேல ஏறாது" என்று சொல்லிக்கொண்டே பேட்டரியைக் கழற்றத் தொடங்கினார், முதலில் நெகட்டிவ் ஒயரை.